லெவர்லெஸ்ஸில் எதிரெதிர் திசைகளை ஒன்றாக அழுத்தினால் என்ன ஆக வேண்டும்?

கேள்வி: அண்ணா, பைக்கோ போர்டு வைத்த, குச்சி இல்லாமல் பட்டன்கள் மட்டும் உள்ள ஒரு லெவர்லெஸ் பெட்டி வாங்கினேன். உள்ளே GP2040-CE ஃபர்ம்வேர். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் கைல் ஆடுகிறேன். கீழ் பட்டனை விடாமல் மேல் + கிக் அடித்தால் சாமர்சால்ட் கிக் அழகாக வந்துகொண்டிருந்தது. ஒரு போட்டியில் ‘நியூட்ரலுக்கு மாற்று’ என்றார்கள். மாற்றியதிலிருந்து வரவில்லை; சோனிக் பூமும் பாதி நேரம் வெறும் பஞ்ச் ஆகிறது. செட்டிங் எதில் இருக்க வேண்டும்? கீபோர்டில் ஆடும் என் நண்பனும் இதையே செய்ய வேண்டுமா?

பதில்:

நியூட்ரலிலேயே விடுங்கள், அதாவது எதிரெதிர் திசைகள் சேர்ந்தால் இரண்டும் ரத்து. இடம்-வலம், மேல்-கீழ் இரண்டு ஜோடிக்கும் அதுதான் சரி. 2023-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வந்ததிலிருந்து கேப்காம் ப்ரோ டூர் கேட்பதும் அதைத்தான். உங்கள் சாமர்சால்ட் நின்றுபோனதற்குப் பெட்டியில் கோளாறு எதுவும் இல்லை. முன்பு உங்கள் பெட்டி ‘மேல் ஜெயிக்கும்’ முறையில் இருந்திருக்கிறது, உங்கள் விரல்களும் அதற்குப் பழகிவிட்டன. இப்போது மாற வேண்டியது கிக் அழுத்தும் நேரம்தான். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், இந்தச் சிக்கல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். குச்சி உள்ள ஸ்டிக்கில் குச்சி ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் சாயும். இடமும் வலமும் ஒன்றாக வர வழியே இல்லை. சண்டை விளையாட்டுகள் அந்தக் குச்சியை மனதில் வைத்துத்தான் வளர்ந்தன. லெவர்லெஸ்ஸிலும் கீபோர்டிலும் நான்கு திசைக்கும் நான்கு தனித்தனி பட்டன்கள், அதனால் இடத்தில் மோதிரவிரலும் வலத்தில் ஆள்காட்டி விரலும் ஒரே நேரத்தில் இருக்கலாம். அப்போது எதை எடுத்துக்கொள்வது என்று யாராவது தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்தத் தீர்ப்பைத்தான் எஸ்ஓசிடி கிளீனிங் என்கிறார்கள்.

தீர்ப்பு வகைகள் நான்கைந்துதான். நியூட்ரல் என்றால் இரண்டும் ரத்து. ‘மேல் ஜெயிக்கும்’ என்றால் இடம்-வலம் ரத்து, ஆனால் மேலும் கீழும் சேர்ந்தால் மேல். பழைய லெவர்லெஸ் பெட்டிகள் பலவற்றில் இதுதான் இயல்பாக இருந்தது. கடைசி அழுத்தம் ஜெயிக்கும் முறையில் பின்னால் வந்த பட்டன் முன்னதை மறைத்துவிடும். முதல் அழுத்தம் ஜெயிக்கும் முறையில் பின்னால் வந்தது கண்டுகொள்ளப்படாது. கடைசியாக, எதுவும் செய்யாமல் இரண்டையும் அப்படியே விளையாட்டுக்கு அனுப்பிவிடுவது.

இந்தத் தீர்ப்பு எந்த இடத்தில் நடக்கிறது என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பெட்டியின் ஃபர்ம்வேர் முதல் கை. நடுவில் ஸ்டீம் இன்புட் இருந்தால் அது இரண்டாவது. விளையாட்டு மூன்றாவது. முதல் கை எதை வெட்டியதோ அது அடுத்தவருக்குத் தெரியவே தெரியாது. ஃபர்ம்வேர் ‘மேல்’ என்று தீர்மானித்துவிட்டால், கீழ் பட்டனும் அழுந்தியிருந்தது என்று விளையாட்டு கண்டுபிடிக்க முடியாது. ஆகவே விளையாட்டு பார்த்துக்கொள்ளும் என்று நம்பி ஃபர்ம்வேரைச் சும்மா விட்டுவிடக் கூடாது.

பெட்டி எந்த வேடத்தில் கணினியிடம் பேசுகிறது என்பதும் முக்கியம். எக்ஸ்இன்புட் முறையில் நான்கு திசைக்கும் நான்கு தனி பிட்கள் உண்டு:

```
UP    0x0001
DOWN  0x0002
LEFT  0x0004
RIGHT 0x0008
```

இடமும் வலமும் சேர்ந்தால் `0x000C`. அதை அனுப்புவதற்கு எந்தத் தடையும் இல்லை. பிளேஸ்டேஷன் 4, ஸ்விட்ச் முறைகளில் திசைகள் ஒரே எண்ணாகப் போகும்: மேல் 0, அங்கிருந்து கடிகாரச் சுற்றில் 7 வரை, எதுவும் அழுத்தாவிட்டால் தனியாக ஒரு மதிப்பு. ‘இடமும் வலமும்’ என்பதற்கு அந்த வரிசையில் எண்ணே கிடையாது. அதனால்தான் GP2040-CE-இல் கிளீனிங்கை அணைத்து வைத்தாலும், அந்த முறைகளில் அது தானாக நியூட்ரலுக்கு வந்துவிடும். கணினியில் ஒரு மாதிரியும் கன்சோலில் வேறு மாதிரியும் நடக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சரி, செட்டிங். பெட்டியின் கேபிளைக் கழற்றுங்கள். S2 பட்டனை (உங்கள் பெட்டியில் ஸ்டார்ட் அல்லது ஆப்ஷன்ஸ் என்று இருக்கும்) அழுத்திப் பிடித்துக்கொண்டே மறுபடி கணினியில் செருகுங்கள். இப்போது அது கேம்பேடாக வராமல் ஒரு நெட்வொர்க் கருவிபோல வரும். பிரவுசரில் `http://192.168.7.1` என்று முழுதாகத் தட்டுங்கள். வெறும் எண்ணை மட்டும் கொடுத்தால் சில பிரவுசர்கள் தாமாக `https` சேர்த்துக்கொண்டு ‘பக்கம் இல்லை’ என்று சொல்லும். `Settings` பக்கத்தில் `SOCD Cleaning Mode` என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் `Neutral` தேர்ந்தெடுத்து `Save` கொடுங்கள், பிறகு பெட்டியைக் கழற்றி மாட்டுங்கள். பக்கம் திறக்கவே இல்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

இரண்டு எச்சரிக்கைகள். இந்த ஃபர்ம்வேரில் சில பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் எஸ்ஓசிடி முறை மாறிவிடும்படி ஹாட்கீ வைக்கலாம். ஆட்டத்தின் நடுவில் கை தவறி மாறிவிட்டால் காரணமே புரியாது, எனவே ஹாட்கீ பக்கத்தில் அப்படி ஏதாவது இருந்தால் நீக்கிவிடுங்கள். அடுத்தது, சில பெட்டிகளில் எஸ்ஓசிடிக்கென்று தனி ஸ்லைடர் ஸ்விட்ச் இருக்கும். அது இருந்தால் வெப் பக்கத்தில் நீங்கள் எதை வைத்தாலும் ஸ்விட்ச் சொல்வதுதான் நடக்கும்.

மாறியதா என்று வெப் பக்கத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். விளையாட்டில் பாருங்கள். ட்ரெய்னிங் மோடில் கீ ஹிஸ்டரியைப் போடுங்கள். ஒவ்வொரு திசையும் எத்தனை ஃப்ரேம் நின்றது என்பது வரை காட்டும். இடத்தைப் பிடித்துக்கொண்டு வலத்தையும் அழுத்துங்கள். அம்புக்குறி போய் நியூட்ரல் வர வேண்டும். இப்போது இடத்தை மட்டும் விடுங்கள், வலம் தோன்ற வேண்டும். அதையே வலத்தில் தொடங்கி ஒருமுறை, கீழில் தொடங்கி மேல் ஒருமுறை, மேலில் தொடங்கிக் கீழ் ஒருமுறை. வரிசையை மாற்றிச் சோதிப்பது அவசியம். ஒரே வரிசையில் பார்த்தால் ‘மேல் ஜெயிக்கும்’ முறையும் ‘கடைசி ஜெயிக்கும்’ முறையும் ஒன்றுபோலத் தெரியும்: கீழ் பிடித்து மேல் அழுத்தினால் இரண்டிலும் மேல்தான் வரும். மேல் பிடித்துக் கீழ் அழுத்தும்போதுதான் குட்டு உடையும். கைல் குதித்துக்கொண்டே இருப்பது எரிச்சலாக இருக்கும்தான், ஹிஸ்டரியை மட்டும் பாருங்கள்.

இப்போது உங்கள் சாமர்சால்ட். கைல் வலப்பக்கம் பார்த்து நிற்கிறார், நீங்கள் இடம் + கீழ் பிடித்துக் குனிந்து தடுத்துக்கொண்டே சார்ஜ் சேர்க்கிறீர்கள், அதாவது அந்த அடிக்குத் தேவையான நேரம் திசையைப் பிடித்து வைக்கிறீர்கள். எதிராளி குதிக்கிறார். கட்டைவிரல் மேல் பட்டனுக்குப் போகிறது, கூடவே கிக். பழைய முறையில் மேல் ஜெயித்தது. இடம் + மேல் + கிக், சாமர்சால்ட். நியூட்ரலில் மேலும் கீழும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன, மிச்சம் இருப்பது இடம் மட்டும். விளையாட்டுக்குப் போவது ‘பின்னால் + கிக்’. கைல் எழுந்து நின்று ஒரு சாதாரண உதை விடுகிறார், வந்தவர் உங்கள் தலையில் இறங்குகிறார். ஹிஸ்டரியில் கிக் குறிக்குப் பக்கத்தில் மேல்நோக்கிய அம்பு இல்லாமல் வெறும் இட அம்பு இருந்தால் நடந்தது இதுதான். சார்ஜ் போதவில்லை என்றால் மேல் அம்பு இருக்கும், கைல் குதித்துவிடுவார். இரண்டையும் அப்படிப் பிரித்துப் பார்க்கலாம்.

நியூட்ரலில் மனதில் பதிய வேண்டியது இது: இரண்டாவது திசை விளையாட்டுக்குப் போய்ச் சேர்வது நீங்கள் அதை அழுத்தும் கணத்தில் அல்ல, முதல் திசையை விடும் கணத்தில். சாமர்சால்ட்டில் கட்டைவிரல் எவ்வளவு சீக்கிரம் மேலுக்குப் போனாலும் நடுவிரல் கீழில் இருந்து எழும்பும்வரை ‘மேல்’ பிறக்காது. ஆகவே கிக்கைக் கட்டைவிரலோடு சேர்க்காமல் நடுவிரல் எழும்புவதோடு சேர்க்க வேண்டும். இடத்தை விட வேண்டியதில்லை. பின்-மேல் + கிக் போதும். பழகும்போது மெதுவாக மூன்று அசைவாகச் செய்யுங்கள்: மேலை அழுத்து, கீழை விடு, கிக். பிறகு கடைசி இரண்டையும் நெருக்கிக்கொண்டே வாருங்கள். நடுவில் இரண்டு மூன்று ஃப்ரேம் இட அம்பு மட்டும் தெரிவதால் ஒன்றும் கெட்டுவிடாது. சார்ஜ் அவ்வளவு சீக்கிரம் கரையாது. வேறு சிலர் கீழை முழுதாக விட்டுவிட்டு அதன் பிறகு மேலைத் தொடுவார்கள். அதுவும் வரும், ஆனால் அவசரத்தில் மோதல் நடக்க வாய்ப்பு அதிகம். என் வோட்டு முதல் முறைக்கு.

சோனிக் பூமிலும் இதே கதைதான். பஞ்ச் ஆகிப்போகும்போது உங்கள் ஹிஸ்டரி ஏறக்குறைய இப்படி இருக்கும் (மேலிருந்து கீழாகக் கால வரிசையில் எழுதுகிறேன், எண் என்பது ஃப்ரேம்):

```
←      58
N  P    2
→       6
```

நீங்கள் பின்னை விடாமலே முன்னை அழுத்தி அதோடு பஞ்சையும் அடித்திருக்கிறீர்கள். அந்தக் கணத்தில் பின்னும் முன்னும் ரத்து. பஞ்ச் நியூட்ரலில் விழுந்தது. இரண்டு ஃப்ரேம் கழித்து மோதிரவிரல் எழும்பியதும் முன் வந்தது, ஆனால் பஞ்ச் ஏற்கெனவே போய்விட்டது. நொடிக்கு 60 ஃப்ரேம் என்பதால் அந்த இரண்டு ஃப்ரேம் ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு. கைக்குத் தெரியாது, ஹிஸ்டரிக்குத் தெரியும். மருந்து அதேதான்: பஞ்ச் என்பது மோதிரவிரல் எழும்பும்போது.

‘கடைசி அழுத்தம் ஜெயிக்கும்’ முறையில் இது எவ்வளவு சுலபம் என்று யோசித்தால், அதை ஏன் ஏற்பதில்லை என்பது விளங்கும். பின்னைப் பிடித்தபடியே முன் + பஞ்சைத் தட்டினால் பூம் போகும். முன்னை விட்ட கணமே, ஏற்கெனவே பிடித்திருக்கும் பின் திரும்ப வந்து அடுத்த சார்ஜ் தொடங்கிவிடும். குச்சி வைத்திருப்பவர் பின்னிலிருந்து முன்னுக்கும் அங்கிருந்து பின்னுக்கும் கையை நகர்த்த வேண்டும், உங்களுக்கு ஒரு விரல் தட்டு. அந்த முறையை வீட்டில் வைத்துப் பழகிவிட்டுப் போட்டியில் மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். விரல் நேரம் இரண்டுக்கும் வேறு.

நியூட்ரல் கொடுக்கும் லாபமும் உண்டு. நாளை கைலை விட்டு ரியூ பக்கம் போனால் ஷோர்யுகென்னுக்கு முன், கீழ், கீழ்-முன் வேண்டும். முன்னைப் பிடித்துக்கொள்ளுங்கள், கடைசி வரை விடாதீர்கள். கீழையும் பின்னையும் சேர்த்து அழுத்துங்கள். முன்னும் பின்னும் ரத்தாகி வெறும் கீழ் நிற்கும். இப்போது பின்னை மட்டும் விட்டால் கீழ்-முன், கூடவே பஞ்ச். மூன்று திசையும் சுத்தமாக விழும். இதே விரல் வேலையைக் ‘கடைசி ஜெயிக்கும்’ முறையில் செய்தால் நடுவில் கீழுக்குப் பதில் கீழ்-பின் வரும். ‘முதல் ஜெயிக்கும்’ முறையில் கீழ்-முன்னிலேயே நின்றுவிடும். ஒருவர் சொல்லிக்கொடுக்கும் லெவர்லெஸ் உத்தி உங்கள் பெட்டியில் வரவில்லையென்றால், அவருடைய எஸ்ஓசிடி முறை என்ன என்று கேளுங்கள். பல நேரம் விஷயம் அங்கேதான் இருக்கும்.

அதன் மறுபக்கமும் ஒன்று. முன்னே நடந்துகொண்டிருக்கும்போது தடுக்க வேண்டி வருகிறது. ஆள்காட்டி விரலை விடாமல் பின்னை அழுத்தினால் கிடைப்பது நியூட்ரல், தடுப்பு கிடையாது. அடி விழும். ‘நான் பின்னைத்தான் அழுத்தினேன், விளையாட்டு எடுக்கவில்லை’ என்ற புகார்களில் பெரும்பங்கு இதுதான். அதோடு, பதறிப்போய்ப் பின்னை விட்டுவிட்டால் முன், நியூட்ரல், முன் என்று ஆகி, கேட்காமலே முன் டேஷ் பாயும். டேஷ் சும்மா சும்மா வருகிறது என்றால் பட்டன் ஸ்விட்ச் பழுது என்று கழற்றுவதற்கு முன் ஹிஸ்டரியைப் பாருங்கள். நடுவில் உள்ள நியூட்ரலின் நீளம் நீங்கள் பின்னைத் தட்டிய நேரத்தோடு ஒத்துப்போனால் ஸ்விட்ச் நல்லாத்தான் இருக்கிறது.

இனி கீபோர்டு நண்பர். அவருக்கும் வேண்டிய தீர்ப்பு அதே நியூட்ரல்தான், அது கிடைக்கும் வழிதான் வேறு. சாதாரணக் கீபோர்டு இரண்டு விசையையும் அப்படியே அனுப்பும், தீர்ப்பு விளையாட்டின் கையில். அவரும் மேலே சொன்ன நான்கு சோதனையைச் செய்து பார்க்கட்டும். நான்கிலும் நியூட்ரல் வந்தால் எதையும் தொட வேண்டாம். புதுக் கீபோர்டுகளில் ரேஸரின் ஸ்னாப் டேப் போன்ற வசதி இருந்தால் அதை அணைக்கச் சொல்லுங்கள். 2024-இல் வந்த அது ‘கடைசி ஜெயிக்கும்’ முறை. துப்பாக்கி விளையாட்டுகளில் சட்டென்று பக்கம் மாறுவதற்காகச் செய்தது. அங்கேயே அதற்கு எதிர்ப்பு வந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் வால்வ் தன் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 சர்வர்களில் இப்படி ஆடுபவர்களை வெளியேற்றத் தொடங்கியது. வூட்டிங் கீபோர்டு என்றால் அதன் மென்பொருளிலேயே ஜோடி விசைகளுக்கு நியூட்ரல் தேர்வு இருக்கிறது.

க்யூஎம்கே ஃபர்ம்வேர் ஏற்கும் கீபோர்டு என்றால் தானே எழுதிக்கொள்ளலாம். A இடம், D வலம் என்று வைத்துக்கொண்டால்:

```c
static bool l, r;

static void clean_lr(void) {
    if (!l || r) unregister_code(KC_A);
    if (!r || l) unregister_code(KC_D);
    if (l && !r) register_code(KC_A);
    if (r && !l) register_code(KC_D);
}

bool process_record_user(uint16_t kc, keyrecord_t *rec) {
    if (!layer_state_is(1)) return true;
    if (kc == KC_A) { l = rec->event.pressed; clean_lr(); return false; }
    if (kc == KC_D) { r = rec->event.pressed; clean_lr(); return false; }
    return true;
}
```

மேல்-கீழ் ஜோடிக்கும் இதே மாதிரி இன்னொன்று. லேயர் 1-இல் மட்டும் வேலை செய்யும்படி வைத்ததற்குக் காரணம் உண்டு: வேகமாகத் தட்டச்சு செய்யும்போது A-வை விடுமுன் D-யைத் தொடுவது சகஜம், லேயர் பிரிக்காவிட்டால் எழுத்துகள் காணாமல் போகும். விளையாடும்போது லேயரை ஏற்றிக்கொள்ளட்டும். திசை விசைகளைப் பிடித்த நிலையில் லேயர் மாற்ற வேண்டாம், விசை ஒட்டிக்கொண்டதுபோல ஆகிவிடும்.

விலை குறைந்த கீபோர்டில் வேறொரு நோய் எஸ்ஓசிடி மாதிரியே வேஷம் போடும். உள்ளே கம்பிகள் பின்னலாகப் போவதால் சில மூன்று விசைக் கூட்டணிகளில் மூன்றாவது பதிவே ஆகாது. இடம் + கீழ் பிடித்துக் கிக் அடித்தால் கிக் வரவில்லை, ஆனால் இடம் + கிக், கீழ் + கிக் தனித்தனியாக வருகின்றன என்றால் அது அந்தப் பின்னல் கோளாறு. எதிர்த்திசை எதுவும் அங்கே இல்லை என்பதே அடையாளம். எந்த எஸ்ஓசிடி செட்டிங்கும் அதைத் தீர்க்காது, கிக்கை வேறு விசைக்கு மாற்றிப் பார்ப்பதுதான் வழி.

உங்கள் பெட்டிக்குத் திரும்பினால், கடைசியாக ஒரு ஓட்டை. ஃபர்ம்வேர் தன் கண்ணில் படும் ஜோடியை மட்டும்தான் கிளீன் செய்யும். கூடுதலாக ஒரு மேல் பட்டன் இருந்து அது ஃபர்ம்வேரிலேயே மேல் என்று பதிந்திருந்தால் சிக்கல் இல்லை. ஆனால் வேறொரு பட்டனை ஸ்டீம் இன்புட் வழியாகத் திசையாக மாற்றியிருந்தால், அல்லது ஒரு திசை டி-பேடாகவும் எதிர்த்திசை அனலாக் ஸ்டிக்காகவும் போனால், இரண்டும் ஃபர்ம்வேரைத் தாண்டிச் சேர்ந்தே விளையாட்டுக்குள் நுழையும். பக்கத்தில் `Neutral` என்றுதான் இருக்கும், நடப்பது வேறு. போட்டிக்கு முன் ஸ்டீம் இன்புட்டை அந்த விளையாட்டுக்கு அணைத்துவிட்டு, எல்லாத் திசையும் டி-பேடாகவே போகிறதா என்று பார்த்து, நான்கு சோதனையையும் இன்னொரு தடவை ஓட்டிவிடுங்கள். கூடுதல் பட்டன் இருந்தால் அதையும் ஒரு ஜோடியாகச் சேர்த்து.